வெளிநாட்டுப் பயணத்தில் இ-சிம்மும் உள்ளூர் சிம் அட்டையும்

வெளிநாட்டுப் பயணத்தில் இ-சிம்மும் உள்ளூர் சிம் அட்டையும் என்பது, ஒரு நாட்டின் நகர்பேசி இணைப்பை வைத்திருப்பவர் வேறொரு நாட்டிற்குச் செல்லும்போது இணைய வசதியைப் பெறும் இரண்டு வழிகளைப் பற்றியதாகும். மூன்றாவது வழி, தாய்நாட்டு இணைப்பையே வெளிநாட்டிலும் பயன்படுத்துவது. இது ரோமிங் எனப்படும். எதிர்பாராத பெருந்தொகைக் கட்டணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியிலேயே உருவாகிறது. பயணி அவ்வழியைத் தெரிந்தெடுக்காத போதும் அது நிகழக்கூடும். இ-சிம் வாங்கியவரும் உள்ளூர் சிம் அட்டை வாங்கியவரும் தமது தாய்நாட்டு இணைப்பைத் தொலைபேசியிலேயே விட்டு வைத்திருந்தால், அந்த இணைப்பு பின்னணியில் தரவைப் பயன்படுத்த இயலும். எனவே எந்தச் சிம்மை வாங்குவது என்பதும், தாய்நாட்டுச் சிம்மை எந்நிலையில் வைப்பது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகும்.

## கட்டணம் உருவாகும் விதம்

வெளிநாட்டில் இறங்கியதும் தொலைபேசி அங்குள்ள வலையமைப்புகளைத் தேடி, தாய்நாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ள ஒன்றில் பதிவு செய்துகொள்கிறது. அதன்பின் நிகழும் அழைப்பு, குறுஞ்செய்தி, தரவுப் பயன்பாடு ஆகியவற்றிற்கு வெளிநாட்டு நிறுவனம் பதிவேடுகளை உருவாக்கித் தாய்நாட்டு நிறுவனத்திற்கு அனுப்புகிறது. தாய்நாட்டு நிறுவனம் அத்தொகையைச் செலுத்திவிட்டு, தனது கட்டண வீதப்படி வாடிக்கையாளரிடம் வசூலிக்கிறது.

இப்பதிவேடுகள் உடனுக்குடன் வந்து சேர்வதில்லை. சில மணி நேரமோ சில நாட்களோ தாமதமாகலாம். இதனால் நிறுவனத்தின் செயலியில் அன்றைய பயன்பாடு குறைவாகத் தெரிந்தாலும், உண்மையான தொகை அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். தரவைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறுபட்டது. ரோமிங் தரவு பொதுவாகத் தாய்நாட்டு நிறுவனத்தின் நுழைவாயில் வழியாகவே இணையத்தை அடைகிறது. ஆகவே அந்நிறுவனம் விரும்பினால் தரவை உடனுக்குடன் அளந்து, குறிப்பிட்ட தொகையை எட்டியதும் துண்டிக்க இயலும். தரவுக்கான கட்டண வரம்புகள் நடைமுறையில் சாத்தியமாவது இதனாலேயே ஆகும்.

முன்கட்டண இணைப்பில் இருப்புத் தொகை தீர்ந்தவுடன் சேவை நின்றுவிடும். இழப்பு அந்த இருப்பின் அளவே ஆகும். பின்கட்டண இணைப்பிலோ மாத இறுதியில் முழுத் தொகைக்கும் பட்டியல் வரும். எனவே கீழே கூறப்படும் எச்சரிக்கைகள் பின்கட்டண இணைப்பு உடையவர்களுக்கே மிகுதியாகப் பொருந்தும்.

## உள்ளூர் சிம் அட்டை

சென்ற நாட்டின் நகர்பேசி நிறுவனம் விற்கும் முன்கட்டணச் சிம் அட்டையே இங்கு உள்ளூர் சிம் அட்டை எனப்படுகிறது. அந்நாட்டு எண் ஒன்று கிடைப்பதும், உள்ளூர் அழைப்புகளை எளிதில் செய்ய இயல்வதும், ஒரே அளவு தரவிற்குப் பல நாடுகளில் விலை குறைவாக இருப்பதும் இதன் நன்மைகளாகும். தங்கும் காலம் சில வாரங்களுக்கு மேற்பட்டால், வாடகை வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவமனை போன்றவற்றிற்கு உள்ளூர் எண் தேவைப்படுவதால் இதுவே பொருத்தமானது.

இதற்குச் சில தடைகளும் உண்டு. பல நாடுகளில் முன்கட்டணச் சிம் அட்டைக்கும் அடையாளச் சான்று கட்டாயமாகும். செருமனியில் 2017 சூலை முதல், கடவுச்சீட்டு போன்ற ஆவணத்தின் மூலம் அடையாளம் சரிபார்க்கப்பட்ட பின்னரே முன்கட்டணச் சிம் இயக்கப்படுகிறது. பல்பொருள் அங்காடியில் அட்டையை வாங்கிவிட்டாலும், சரிபார்ப்பு முடியும் வரை அதனால் பயனில்லை. அச்சரிபார்ப்பு இணைய வழி நிகழ்படத்தின் மூலம் நடைபெறுமானால், அதற்கே இணையம் தேவைப்படும். ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய பதிவுக் கட்டாயம் இல்லை.

மற்றொரு தடை தொலைபேசியைச் சார்ந்தது. ஓர் அட்டைக்கு மட்டும் இடமுள்ள தொலைபேசியில் உள்ளூர் அட்டையைப் பொருத்த வேண்டுமாயின் தாய்நாட்டு அட்டையைக் கழற்ற வேண்டும். அப்போது வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது. பயணத்தின் நடுவே கடனட்டையால் பணம் செலுத்த முயலும்போதுதான் பலர் இதனை உணர்கின்றனர். மறுபுறம், கழற்றி வைக்கப்பட்ட சிம் கட்டணம் எதையும் உருவாக்காது. ஒருமுறைக் கடவுச்சொல் தேவைப்படாதவர்களுக்கு இதுவே மிக எளிய பாதுகாப்பாகும்.

## இ-சிம்

இ-சிம் என்பது தொலைபேசியின் உள்ளேயே பொருத்தப்பட்ட ஒரு சில்லு ஆகும். பிளாஸ்டிக் அட்டையின் சில்லில் பதிந்து வரும் இணைப்பு விவரங்கள் இதில் மென்பொருளாகப் பதிவிறக்கப்படுகின்றன. இவ்விவரத் தொகுப்பு சுயவிவரம் எனப்படும். நுகர்வோர் கருவிகளுக்கான இ-சிம் தரநிலையை, நகர்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2016 ஆம் ஆண்டு வெளியிட்டது. 2018 இல் வெளியான ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வகைகளுக்குப் பின் இது பரவலாயிற்று.

தொலைபேசியில் இவ்வசதி உள்ளதா என்பதை அறிய, அழைப்புத் திரையில் `*#06#` என அழுத்தலாம். தோன்றும் விவரங்களில் `EID` என்ற பெயரில் 32 இலக்க எண் இருந்தால் இ-சிம் வசதி உண்டு. ஒரே பெயரில் விற்கப்படும் தொலைபேசியிலும் நாட்டிற்கு நாடு வேறுபாடு இருக்கலாம். மேலும், தவணை முறையில் வாங்கிய சில தொலைபேசிகள் ஒரே நிறுவனத்தின் இணைப்பை மட்டும் ஏற்குமாறு பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் வேறு நிறுவனத்தின் இ-சிம்மும் இயங்காது, உள்ளூர் சிம் அட்டையும் இயங்காது. ஐபோனில் `Settings > General > About` பகுதியில் `Carrier Lock` என்பதற்கு எதிரே `No SIM restrictions` என்றிருந்தால் பூட்டு இல்லை எனப் பொருள்.

விற்பனையாளர் அனுப்பும் கியூஆர் குறியீட்டில் கீழ்க்கண்ட அமைப்பிலான ஒரு வரி அடங்கியிருக்கும்.

```
LPA:1$வழங்கியின்-முகவரி$இயக்கக்-குறியீடு
```

தொலைபேசி அந்த வழங்கியைத் தொடர்புகொண்டு சுயவிவரத்தைப் பதிவிறக்குகிறது. இதற்கு இணைய இணைப்பு தேவை என்பதால், புறப்படுவதற்கு முன் வீட்டு வை-ஃபை மூலம் இதனைச் செய்வதே முறையாகும். பெரும்பாலான குறியீடுகளை ஒரு முறை மட்டுமே பயன்படுத்த இயலும். இணைப்பு வேலை செய்யவில்லை என்று சுயவிவரத்தை அழித்துவிட்டால், அதே குறியீட்டைக் கொண்டு அதனை மீண்டும் நிறுவ முடியாமல் போகலாம். செல்லுபடிக் காலம் சில திட்டங்களில் நிறுவிய நாளிலிருந்தும், சிலவற்றில் சென்ற நாட்டின் வலையமைப்பில் முதலில் இணைந்த நேரத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. வாங்கும் முன்னரே இதனைப் படித்தறிதல் வேண்டும்.

### பயண இ-சிம்மின் இயல்பு

உள்ளூர் நிறுவனங்களும் இ-சிம் விற்கின்றன. ஆயினும் பயணிகளுக்கென இணையத்தில் விற்கப்படும் இ-சிம்கள் பல, சென்ற நாட்டு நிறுவனத்தினுடையவை அல்ல. அவை வேறொரு நாட்டு நிறுவனத்தின் சுயவிவரங்களாகும். அந்தச் சுயவிவரம் சென்ற நாட்டில் ரோமிங் முறையிலேயே இயங்குகிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவதாக, தரவு அந்த மூன்றாம் நாட்டின் வழியாகச் சென்று திரும்புவதால் வேகம் சற்றுத் தாமதப்படலாம். இணையத்தளங்களும் பயணி அந்நாட்டில் இருப்பதாகக் கருதலாம். இரண்டாவதாக, இத்தகைய இ-சிம்களில் பெரும்பாலும் தரவு மட்டுமே உண்டு. தொலைபேசி எண் இராது. மூன்றாவதாக, அந்த இ-சிம் இயங்க வேண்டுமாயின் அதன் `Data Roaming` தேர்வு இயக்கப்பட்டிருக்க வேண்டும். ரோமிங்கை ஒருபோதும் இயக்கக் கூடாது எனக் கேள்விப்பட்டு வந்த பயணிக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் முன்பணம் செலுத்தப்பட்ட இ-சிம்மில் ரோமிங்கை இயக்குவதால் கூடுதல் கட்டணம் எழுவதில்லை. தரவு தீர்ந்தால் இணைப்பு நின்றுவிடும். கட்டணம் எழுவது தாய்நாட்டுச் சிம்மின் ரோமிங்கை இயக்கும்போதே ஆகும். இரண்டு சிம்களுக்கும் ஒரே பெயரில் தனித்தனித் தேர்வுகள் இருப்பதுதான் குழப்பத்தின் மூலம்.

## தெரிவு செய்தல்

தாய்நாட்டு எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் தேவைப்படுகின்ற, சில நாட்களே தங்குகின்ற, பல நாடுகளைக் கடக்கின்ற பயணிக்கு இ-சிம் ஏற்றது. தாய்நாட்டு அட்டை அதன் இடத்திலேயே இருக்க, இ-சிம் தரவை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே நாட்டில் நீண்ட நாள் தங்குபவருக்கும், உள்ளூர் எண் தேவைப்படுபவருக்கும், மிகுந்த தரவைப் பயன்படுத்துபவருக்கும், இ-சிம் வசதியற்ற தொலைபேசியை உடையவருக்கும் உள்ளூர் சிம் அட்டை ஏற்றது.

விலையை ஒப்பிடும்போது நாட்டுப் பட்டியலைக் கவனித்தல் இன்றியமையாதது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 சூன் 15 முதல், ஓர் உறுப்பு நாட்டின் இணைப்பை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி, நியாயப் பயன்பாட்டு வரம்பிற்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். இவ்விதி 2022 இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நோர்வே, ஐசுலாந்து, லீக்கின்சுடைன் ஆகிய நாடுகளும் இதில் அடங்கும். சுவிட்சர்லாந்து இதில் அடங்காது. ஐக்கிய இராச்சியமும் ஒன்றியத்திலிருந்து விலகிய பின் இவ்விதிக்கு வெளியே உள்ளது. எனவே ஐரோப்பா என்ற பெயருடைய திட்டம் அனைத்தும் இவ்விரு நாடுகளையும் உள்ளடக்கும் எனக் கொள்ளலாகாது.

## கட்டண வரம்புகள்

ரோமிங் கட்டணத்திற்கு மூன்று நிலைகளில் வரம்பு இடலாம். ஒவ்வொன்றும் வேறொரு குறையை உடையது.

### சட்டப்படியான வரம்பு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 சூலை முதல், வாடிக்கையாளர் வேறு தொகையைத் தெரிவு செய்யாவிடில், ரோமிங் தரவுக் கட்டணம் ஒரு மாதத்தில் வரி நீங்கலாக 50 யூரோவை எட்டியதும் சேவை நிறுத்தப்படுதல் வேண்டும். 80 விழுக்காட்டை எட்டும்போது எச்சரிக்கை அனுப்பப்படும். இவ்வரம்பு ஐரோப்பிய நிறுவனங்களின் வாடிக்கையாளருக்கு உரியது. பிற நாட்டுச் சிம்முடன் ஐரோப்பாவிற்கு வரும் பயணியை இது பாதுகாப்பதில்லை. அவரைக் கட்டுப்படுத்துவது அவரது தாய்நாட்டு விதிகளே ஆகும்.

ஐக்கிய இராச்சியத்தில் 2018 அக்டோபர் முதல், வாடிக்கையாளர் தம் மாதக் கட்டணத்திற்கு உச்ச வரம்பு ஒன்றை வைத்துக்கொள்ளும் வாய்ப்பை நிறுவனங்கள் வழங்க வேண்டும். இவ்வரம்பு தானாக அமைவதில்லை. வாடிக்கையாளரே அதனைக் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 இல் நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளைத் திருத்தி, பன்னாட்டு ரோமிங் கட்டணத்தால் ஏற்படும் அதிர்ச்சியைத் தடுப்பதற்கான ஏற்பாடுகளைச் சேர்த்தது.

### நிறுவனத்திடம் அமைக்கும் வரம்பு

பின்கட்டண இணைப்புகளில் கடன் வரம்பு என ஒன்று இருக்கும். பயணத்திற்கு முன் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும். ரோமிங்கிற்குத் தனி வரம்பு உண்டா, அது அழைப்புகளையும் உள்ளடக்குமா, வரம்பை எட்டியதும் சேவை துண்டிக்கப்படுமா அல்லது குறுஞ்செய்தி மட்டும் வருமா என்பனவே அவை. எச்சரிக்கை மட்டும் அனுப்பும் வரம்பு, இரவில் பயணி உறங்கும்போது பயனற்றதாகும். இவ்வமைப்பைக் குறுஞ்செய்தியாலோ மின்னஞ்சலாலோ உறுதிசெய்து பெற்றால், பின்னர் முரண்பாடு எழுந்தால் அது சான்றாகும்.

இங்கு இரண்டு தேர்வுகளை வேறுபடுத்தி அறிதல் தேவை. நிறுவனத்திடம் உள்ள பன்னாட்டு ரோமிங் சேவை, சிம் வெளிநாட்டு வலையமைப்பில் பதிவாக இயலுமா என்பதை முடிவு செய்கிறது. தொலைபேசியில் உள்ள `Data Roaming` தேர்வு, அவ்வாறு பதிவான சிம் தரவைப் பயன்படுத்தலாமா என்பதை மட்டும் முடிவு செய்கிறது. முதலாவதை நிறுத்திவிட்டால் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வராது. ஆகவே குறுஞ்செய்தி தேவைப்படுபவர் முதலாவதை இயக்கி, இரண்டாவதை நிறுத்தி வைக்க வேண்டும். ரோமிங்கில் குறுஞ்செய்தியைப் பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. எனினும் தத்தம் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

### தொலைபேசியில் அமைக்கும் வரம்பு

ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் `Data warning & limit` என்னும் பகுதியில் ஒவ்வொரு சிம்மிற்கும் தரவு அளவை வரையறுக்கலாம். அவ்வளவை எட்டியதும் தொலைபேசியே தரவை நிறுத்திவிடும். இது தொலைபேசியின் சொந்தக் கணக்கு என்பதால், நிறுவனத்தின் கணக்கிலிருந்து சற்று வேறுபடலாம். ஐபோனில் இவ்வாறு தானாக நிறுத்தும் வரம்பு இல்லை. `Current Period Roaming` என்ற எண்ணிக்கையை மட்டும் காணலாம். அது மாதந்தோறும் தானாகச் சுழியாவதில்லை. எனவே புறப்படும் நாளில் `Reset Statistics` மூலம் அதனைச் சுழியாக்கிக் கொண்டால்தான் பயணக் காலப் பயன்பாடு தெரியும்.

## தொலைபேசியை அமைக்கும் முறை

தேர்வுகளின் பெயர்கள் மென்பொருள் பதிப்பிற்கேற்ப மாறுபடலாம். ஐபோனில் இவை `Settings > Cellular` பகுதியிலும், ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் பலவற்றில் `Settings > Network & internet > SIMs` பகுதியிலும் உள்ளன. வரிசை பின்வருமாறு:

1. இரண்டு இணைப்புகளுக்கும் தெளிவான பெயரிடுதல் வேண்டும். `Primary`, `Secondary` என்ற பெயர்கள் எது எந்தச் சிம் என்பதை மறைத்துவிடும். "வீடு", "பயணம்" எனப் பெயரிட்டால் தவறு குறையும்.
2. விமானம் ஏறும் முன்னரே "வீடு" இணைப்பின் `Data Roaming` தேர்வை நிறுத்த வேண்டும்.
3. தரவிற்கான இணைப்பாக "பயணம்" என்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.
4. ஐபோனில் `Allow Cellular Data Switching` என்பதை நிறுத்த வேண்டும். இது இயங்கினால், ஓர் இணைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தொலைபேசி தானாகவே தரவை மாற்றக்கூடும். ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் சிலவற்றிலும் இதற்கு இணையான தேர்வு உண்டு.
5. இறங்கிய பின் "பயணம்" இணைப்பின் `Data Roaming` தேர்வை இயக்க வேண்டும். திரையில் எந்த இணைப்பின் பெயர் உள்ளது என்பதைப் பார்த்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது படியும் நான்காவது படியும் ஒன்றுக்கொன்று காப்பாகும். ஒன்று தவறினாலும் மற்றது தரவைத் தடுக்கும்.

## ஓர் எடுத்துக்காட்டு

சென்னையிலிருந்து பத்து நாள் பயணமாகச் செருமனிக்குச் செல்லும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் ஓர் அட்டைக்கு இடமும் இ-சிம் வசதியும் கொண்ட தொலைபேசி உள்ளது. இந்திய இணைப்பு பின்கட்டண வகையைச் சார்ந்தது. வங்கிக் கடவுச்சொல்லுக்காக அதில் பன்னாட்டு ரோமிங் சேவையை இயக்கி வைத்துள்ளார். ரோமிங் தொகுப்பு எதையும் வாங்கவில்லை. பயணத்தின் ஒரு பகுதி, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டியுள்ள கான்சுடன்சு நகரில் அமைகிறது. நாளொன்றுக்கு 500 மெகாபைட்டு வீதம் 5 கிகாபைட்டு போதுமெனக் கணித்து, முப்பது நாள் செல்லுபடியாகும் பயண இ-சிம் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே நிறுவிக்கொள்கிறார்.

பிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்தில் இறங்கியதும் இ-சிம்மிற்கு அலைக்கற்றைக் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனால் இணையம் வரவில்லை. காரணம், அந்த இ-சிம் வேறொரு நாட்டின் சுயவிவரம் என்பதால் அதன் `Data Roaming` இயக்கப்பட வேண்டும். விற்பனையாளரின் குறிப்பில் "ரோமிங்கை இயக்குக" என்றிருப்பதைக் கண்டு அவர் அமைப்புகளைத் திறக்கிறார். முதலில் தோன்றும் இணைப்பு `Primary`. அதன் ரோமிங்கை இயக்குகிறார். தரவிற்கான இணைப்பாகவும் அதுவே இன்னும் இருப்பதால் உடனே இணையம் வந்துவிடுகிறது. இ-சிம் இயங்கிவிட்டதாகவே அவர் எண்ணுகிறார்.

அந்நேரத்தில் ஒளிப்படக் காப்புச் செயலி, விமானத்தில் எடுத்த 12 படங்களைப் பதிவேற்றுகிறது. படம் ஒன்றிற்கு 4 மெகாபைட்டு எனில் 48 மெகாபைட்டு ஆகிறது. அஞ்சல், செய்திச் செயலிகள் 12 மெகாபைட்டு எடுத்துக்கொள்கின்றன. மொத்தம் 60 மெகாபைட்டு. தொகுப்பு வாங்காதவருக்கான கட்டணம் மெகாபைட்டுக்கு 300 ரூபாய் எனக் கணக்கிற்காகக் கொண்டால், தொகை 18,000 ரூபாய் ஆகும். தொடருந்து நிலையத்தை அடைவதற்குள் இவ்வளவும் நிகழ்ந்துவிடலாம்.

இதே மாணவர் மேற்கூறிய ஐந்து படிகளைப் பின்பற்றியிருந்தால், இறங்கியவுடன் இணையம் வராத நிலை ஏற்பட்டிருக்கும். ஆனால் "பயணம்" என்ற பெயரைக் கண்டு அதன் ரோமிங்கை இயக்கியிருப்பார். தவறான இணைப்பில் தரவு ஒரு போதும் ஓடியிராது.

கான்சுடன்சில் இரண்டாவது சோதனை எழுகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள சுவிட்சர்லாந்து நகரான குரூசுலிங்கனின் கோபுரங்களின் அலைகள் கான்சுடன்சின் சில தெருக்களில் வலுவாகக் கிடைக்கக்கூடும். பயணி எல்லையைக் கடக்காமலேயே தொலைபேசி சுவிட்சர்லாந்து வலையமைப்பிற்கு மாறக்கூடும். பயண இ-சிம்மின் பட்டியலில் செருமனி மட்டும் இருந்தால் இணையம் நின்றுவிடும். இது தொல்லையே தவிர இழப்பன்று. ஆனால் தாய்நாட்டுச் சிம்மில் செருமனிக்கு மட்டும் ரோமிங் தொகுப்பு வாங்கி, அதன் தரவைப் பயன்படுத்துபவருக்கு, இம்மாற்றம் தொகுப்பிற்கு வெளியேயான கட்டணத்தை உருவாக்கலாம். எல்லையூர்களில் வலையமைப்புத் தெரிவைத் தானியங்கு நிலையிலிருந்து மாற்றி, செருமனி நிறுவனம் ஒன்றைக் கையால் தெரிவு செய்வது இதற்குத் தீர்வாகும். நகரை விட்டு நீங்கியதும் மீண்டும் தானியங்கு நிலைக்கு மாற்றாவிடில், அந்நிறுவனத்தின் அலை கிடைக்காத இடங்களில் இணைப்பே இராது.

## தரவு வரம்பிற்கு உட்படாதவை

தரவை முழுவதும் நிறுத்தினாலும் அழைப்புகளால் கட்டணம் எழக்கூடும். ரோமிங்கில் வரும் அழைப்பை ஏற்பதற்கும் பல நிறுவனங்கள் கட்டணம் விதிக்கின்றன. அழைப்பை ஏற்காமல் விட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. குரலஞ்சல் வசதி இயக்கத்தில் இருந்தால், தாய்நாட்டிலிருந்து வெளிநாட்டிற்கு வந்த அழைப்பு, ஏற்கப்படாததால் மீண்டும் தாய்நாட்டுக் குரலஞ்சலுக்குத் திருப்பப்படுகிறது. இவ்வாறு வந்த வழிக்கும் திரும்பிய வழிக்கும் கட்டணம் கணக்கிடப்படலாம். புறப்படும் முன் `##004#` என அழைத்தால் நிபந்தனையுடன் கூடிய அழைப்புத் திருப்பங்கள் நீக்கப்படும். `##002#` அனைத்துத் திருப்பங்களையும் நீக்கும். இதைத் தாய்நாட்டிலேயே செய்து, வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

கப்பல்களிலும் விமானங்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் வலையமைப்புகள் மற்றொரு விதிவிலக்காகும். கடலில் `Cellular at Sea`, வானில் `AeroMobile` போன்ற பெயர்கள் தொலைபேசித் திரையில் தோன்றும். இவை எந்த நாட்டையும் சார்ந்தவை அல்ல என்பதால் நாட்டு வாரியான தொகுப்புகள் பொதுவாக இவற்றிற்குப் பொருந்துவதில்லை. கட்டணமும் மிகுதி. கப்பல் கரையை விட்டு நீங்கும்போது `Airplane mode` நிலைக்கு மாற்றி, தேவையெனில் வை-ஃபையை மட்டும் தனியாக இயக்குவதே இதற்கான முறையாகும்.

## தவறை அறிதல்

தரவு எந்த இணைப்பில் ஓடுகிறது என்பதைக் கோடுகளைப் பார்த்து அறிய இயலாது. இரண்டு சிம்களும் ஒரே சமயத்தில் அலையைப் பெற்றிருக்கும். தரவுப் பகுதியில் இணைப்பு வாரியாகக் காட்டப்படும் பயன்பாட்டு அளவைப் பார்க்க வேண்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. வை-ஃபையை நிறுத்திவிட்டு, "பயணம்" இணைப்பைத் தற்காலிகமாக அணைத்து, ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க முயல வேண்டும். பக்கம் திறக்காவிடில் தாய்நாட்டுச் சிம் தரவைப் பயன்படுத்தவில்லை எனப் பொருள். ஆனால் "வீடு" இணைப்பின் ரோமிங் நிறுத்தப்பட்டுள்ளதை முதலில் கண்ணால் உறுதி செய்த பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

தாய்நாட்டு நிறுவனத்திடமிருந்து "தரவுப் பயன்பாடு தொடங்கியது" என்ற வகையில் குறுஞ்செய்தி வந்தால், உடனே `Airplane mode` நிலைக்கு மாறி, பின்னர் அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். வரவேற்புக் குறுஞ்செய்தி மட்டும் வந்தால் அச்சம் தேவையில்லை. சிம் வலையமைப்பில் பதிவானதை மட்டுமே அது காட்டுகிறது.

கட்டணம் எழுந்துவிட்டதாக ஐயமிருந்தால், அமைப்புத் திரையின் படத்தையும், இணைப்பு வாரியான பயன்பாட்டு அளவையும், நேரத்தையும் பதிந்து வைக்க வேண்டும். பதிவேடுகள் தாமதமாக வருவதால், ஊர் திரும்பிய முதல் மாதப் பட்டியலுடன் கணக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. அடுத்த மாதப் பட்டியலிலும் பயண நாட்களுக்கான தொகை இடம்பெறக்கூடும்.

## இவற்றையும் பார்க்க

- சிம் அட்டை
- நகர்பேசி வலையமைப்பு
- ஒருமுறைக் கடவுச்சொல்
- கியூஆர் குறியீடு